வாடகை வீட்டில் கன்சோலுக்கு லேன் கேபிள்: வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கேபிளுக்கு எதற்கு அனுமதி? நானே இழுத்துவிட்டால் என்ன?

சோஃபாவுக்குப் பின்னால் தரையில் சும்மா கிடக்கும் கேபிளுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. சுவரிலோ ஸ்கர்ட்டிங்கிலோ கதவு நிலையிலோ எதையாவது ஒட்டினால், அடித்தால்தான் விஷயம் மாறுகிறது. சிங்கப்பூர் வாடகை ஒப்பந்தங்களில் இதற்கென்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் மாற்றமோ சேர்ப்போ செய்யக்கூடாது, சுவரில் ஆணி, ஸ்க்ரூ அடிக்கக்கூடாது. கூடவே இன்னொரு வரி: ஒப்படைக்கும்போது வீடு வாங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும், சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானம் தவிர. டேப்போடு சேர்ந்து உரிந்து வந்த பெயிண்டைச் சாதாரணத் தேய்மானம் என்று எந்த வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டாண்டுக்கு இரண்டு மாத வாடகை என்பதுதான் இங்கே டெபாசிட்டுக்கு வழக்கம். தகராறு என்று ஒன்று வந்தால் அந்தப் பணத்தில்தான் வரும். ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அதற்கு ஒரு 'சரி' வாங்கி வைத்துக்கொள்வது அதைவிட மலிவு.

கேட்பதற்கு முன்னால் நான் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு விஷயம். முதலாவது, உங்கள் பிரச்சினை உண்மையிலேயே வைஃபைதானா என்று பாருங்கள். கன்சோலை ஒருநாள் இரவு ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய், ரவுட்டரில் சின்ன கேபிளால் நேரடியாகச் செருகி, வழக்கமாக விளையாடும் நேரத்தில் அதே கேமை விளையாடுங்கள். அங்கேயும் கேம் அதே மாதிரி நின்று நின்று இழுத்தால் கோளாறு வைஃபையில் இல்லை. கேம் உங்களைத் தூரத்துச் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம், அல்லது வீட்டில் வேறு யாரோ அந்த நேரத்தில் பெரிய கோப்பை மேலே ஏற்றிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் கேபிள் மருந்தில்லை.

கன்சோலைத் தூக்க முடியாவிட்டால் அறையில் லேப்டாப்பை வைத்து, வைஃபை வழியாக ரவுட்டரையே பிங் செய்து பார்க்கலாம். விண்டோஸில் `ipconfig` அடித்தால் Default Gateway என்ற வரியில் ரவுட்டரின் முகவரி தெரியும். அந்த முகவரியை இதில் போடுங்கள்:

```
ping -n 100 192.168.1.1
```

அறையிலிருந்து ஹால் ரவுட்டருக்குத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை மட்டும் இது அளக்கிறது. இணையம் இதில் வரவே வராது. பெரும்பாலான வரிகளில் ஒற்றை இலக்கத்தில் மில்லி வினாடி வந்தால் வைஃபை நன்றாகவே இருக்கிறது. 3, 4, 90, 5, 140 என்று துள்ளினாலோ, நடுநடுவே `Request timed out` வந்தாலோ குற்றவாளி வைஃபைதான். வீவக வீட்டின் கான்கிரீட் சுவர்களும், மேலும் கீழும் பக்கத்திலும் இருக்கும் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் சேர்ந்து செய்கிற வேலை அது. வேகப் பரிசோதனையில் நல்ல எண் வந்தும் கேம் இழுக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். கேமுக்கு வேகம் அவ்வளவு தேவையில்லை, துள்ளாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, அறைச் சுவரில் போன் செருகும் துளையைவிடச் சற்று அகலமான சதுரத் துளையோடு ஒரு பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பிடிஓ வீடுகள், கொண்டோக்கள் பலவற்றில் கட்டும்போதே சுவருக்குள் லேன் கேபிள் ஓட்டிவிடுகிறார்கள். அதன் மறுமுனைகள் ஒரு பெட்டியிலோ ஹால் சுவரிலோ வந்து நிற்கும். அப்படி இருந்தால் நீங்கள் எதையும் ஒட்ட வேண்டாம், இரண்டு சின்ன கேபிளும், ஒருவேளை வீட்டுக்காரரிடம் "அங்கிள், எந்த முனை எந்த அறைக்கு?" என்ற ஒரு கேள்வியும் போதும். இதைப் பார்க்காமலே, கேபிளை உள்ளே மறைத்து ஒட்டும் பிளாஸ்டிக் டிரங்கிங் வாங்கியவர்கள் உண்டு. அலமாரிக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள்.

சரி, செய்தியில் என்ன எழுதுவது? ஒரு மாதிரி கொடுங்களேன்.

செங்காங்கில் ஒரு நாலறை வீடு என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், கன்சோல் நடைவழியின் கடைசி அறையில். வீட்டுக்காரர் நம்ம ஆள், வயதில் பெரியவர், 'அங்கிள்' என்று கூப்பிடும் பழக்கம்.

> வணக்கம் அங்கிள். உங்களிடம் ஒரு சின்ன அனுமதி கேட்க வேண்டும். ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கும் ரவுட்டரிலிருந்து என் அறைக்கு ஒரு லேன் கேபிள் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். அறையில் கேம் கன்சோல் இருக்கிறது, வைஃபை அங்கே சரியாக வருவதில்லை.
>
> கேபிள் தரையோரமாக, ஸ்கர்ட்டிங் டைல் மேல் வெள்ளை டிரங்கிங்குக்குள் போகும். நடைவழியில் ஒரு கதவு நிலையைச் சுற்றிப் போகும். ஆணி, ஸ்க்ரூ, டிரில் எதுவும் கிடையாது. ஒட்டுவது டைல் மேலும் கதவு நிலை மேலும் மட்டும்தான், பெயிண்ட் மேல் எதுவும் ஒட்ட மாட்டேன். ஃபைபர் பெட்டியைத் தொட மாட்டேன்.
>
> செலவு என்னுடையது. வீட்டை ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்துவிடுகிறேன். ஒட்டிய இடத்தில் கறையோ சேதமோ இருந்தால் அந்த இடத்தை நானே சரிசெய்து தருகிறேன்.
>
> போகும் வழியைப் படத்தில் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கிறேன். சம்மதம் என்றால் "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள் அங்கிள். வழியை மாற்றச் சொன்னாலும் மாற்றிக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். பிங், ஜிட்டர் என்று ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா? அவருக்கு உங்கள் கேம் தோற்பது பற்றிக் கவலை இல்லை. சுவரில் தழும்பு விழுமா, அடுத்து வருகிறவர் கேள்வி கேட்பாரா, பெயிண்டருக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் அவர் கவலை. எங்கே போகிறது, எதில் ஒட்டுகிறது, எப்படிக் கழற்றுவது, யார் செலவு என்ற நாலு கேள்விக்கும் அவர் கேட்பதற்கு முன்பே பதில் இருந்தால், அவர் செய்ய வேண்டியது ஒரு வார்த்தை தட்டுவது மட்டும்தான். "அங்கிள், கேபிள் போடலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டால், அவர் மனக்கண்ணில் டிரில் மெஷினும் சிமெண்ட் தூசியும்தான் வரும்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம். 'அந்த இடத்தை' சரிசெய்து தருகிறேன் என்று எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். 'என்ன சேதம் ஆனாலும் நான் பொறுப்பு' என்று தாராளமாக எழுதிவிட்டால், ஒரு மூலையில் விழுந்த கறைக்கு ஹால் முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கும் செலவைக் கேட்க நீங்களே வழிவிட்டதாக ஆகும்.

கேமுக்கு என்று சொல்லலாமா? 'வேலைக்கு' என்று மாற்றிச் சொன்னால் மரியாதையாக இருக்குமே?

அரை வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு நகருங்கள். ஏர்கான் சர்வீஸுக்கு ஆள் வரும்போது கூடவே வீட்டுக்காரரும் வந்தால், டிவிக்குக் கீழே கன்சோலும் அதன் வாலாகக் கேபிளும் அவர் கண்ணில் படத்தான் போகிறது. வாடகை ஒழுங்காக வருகிற வரை யாரும் உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு சின்னப் பொய் பிடிபட்டால் டெபாசிட் பேச்சு வரும்போது அது நினைவுக்கு வரும்.

சிவப்புக் கோடு என்கிறீர்களே, அந்த வழியை எப்படி முடிவு செய்வது? எத்தனை மீட்டர் வாங்க?

கதவு குறைவாக இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், தூரம் கூடினாலும் பரவாயில்லை. கேபிளுக்கு எமன் கதவுதான்.

மேலே சொன்ன செங்காங் வீட்டையே அளப்போம். ரவுட்டரிலிருந்து ஹால் சுவர் ஓரமாக 3 மீட்டர், அங்கிருந்து நடைவழி வாய் வரை 2.5, நடைவழி 4, அறைக்குள் நுழைய 1, அறைச் சுவர் ஓரமாகக் கன்சோல் வரை 3.5. மொத்தம் 14 மீட்டர். இதைப் பார்த்து 15 மீட்டர் கேபிள் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் நடைவழியில் ஒரு கதவு இருக்கிறது. அதன் நிலையில் ஏறி, மேலே கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். ஏற 2.1, இறங்க 2.1, கூடுதலாக 4.2 மீட்டர். இப்போது 18.2 ஆகிவிட்டது. ரவுட்டர் பக்கமும் கன்சோல் பக்கமும் கொஞ்சம் தளர்வு விட்டால் 20 மீட்டர் கேபிள் சரியாக இருக்கும். நீளத்தால் வேகம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருக்கும் லேன் துளை அந்த வேகத்துக்குத்தான். அதனால் கேட் 6 வாங்கினால் போதும். கேட் 8 என்று கடைக்காரர் எடுத்து வைத்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் டாக்கில் லேன் துளை கிடையாது, யுஎஸ்பி லேன் அடாப்டர் தனியாக வேண்டும். ஓஎல்இடி மாடலின் டாக்கில் துளை உண்டு.

உங்கள் அறைக் கதவின் அடியில்தான் கேபிள் நுழையும். அங்கே இடைவெளி இருக்கிறதா என்று, மடித்த அட்டை ஒன்றைக் கதவுக்கு அடியில் விட்டு, கதவை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். உரசினால் தட்டையான கேபிளும் அங்கே நசுங்கும். அப்போது அந்தக் கதவுக்கும் நிலையைச் சுற்றித்தான் போக வேண்டும், இன்னும் 4 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாலை நின்ற இடத்திலிருந்து படம் எடுத்து, போனிலேயே விரலால் சிவப்புக் கோடு போட்டால் போதும். ஹாலுக்கு ஒன்று, நடைவழிக்கு ஒன்று, அறைக்கு ஒன்று. இந்தப் படங்கள் பின்னால் இன்னொரு வேலையும் செய்யும்: ஒட்டுவதற்கு முன்னால் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு, நாளோடு கூடிய சாட்சி. ஏற்கெனவே உரிந்த பெயிண்ட், உடைந்த டைல் இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுத்து அதே செய்தியோடு அனுப்பிவிடுங்கள்.

பெயிண்ட் மேல் ஒட்டக்கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

டிரங்கிங்கின் பின்னால் வரும் நுரை டேப், பெயிண்ட் சுவரைப் பிடித்திருப்பதைவிடப் பலமாகப் பெயிண்டைப் பிடிக்கும். இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வெள்ளைப் பூச்சு தெரியும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வருடக்கணக்கில் இருந்தால் பசை இளகிக் கரைவதும் உண்டு. ஸ்கர்ட்டிங் டைலில் இந்தத் தொல்லை இல்லை. கழற்றும்போது ஹேர் டிரையரால் சூடுகாட்டி, பின்னால் பல் இடுக்கு நூலை விட்டு அறுத்தபடியே போனால் டிரங்கிங் தனியாக வந்துவிடும். மிச்சப் பசையை யூகலிப்டஸ் தைலம் தொட்ட துணியால் தேய்த்தால் போகும். பெயிண்டில் மட்டும் தைலம் பட்டுவிடாமல் பாருங்கள், எண்ணெய்க் கறை நிற்கும்.

மர ஸ்கர்ட்டிங் என்றால் வார்னிஷ் உரியலாம். அலமாரி மறைக்கும் மூலையில் ஒரு சின்னத் துண்டு டேப்பை ஒட்டி, சில நாள் விட்டு எடுத்துப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள். ஸ்கர்ட்டிங்கே இல்லாத வீட்டில் செய்தியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்: கேபிளைத் தரையோரம் சும்மா படுக்க வைத்து, நாற்காலி, சோஃபாவால் மறைப்பதாகச் சொல்லலாம்.

சுவரில் ஒரு துளை போட்டால் நேராக அறைக்குப் போய்விடும். அதைக் கேட்டுப் பார்க்கலாமா?

கேட்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒரு கன்சோலுக்காக அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஊடுருவத் துளை போடுவது, நியாயமாகப் பார்த்தால், கொஞ்சம் அதிகம். அந்தச் சுவர் பாம் ஷெல்டருடையதாக இருந்தால் வீட்டுக்காரரே விரும்பினாலும் அனுமதிக்க முடியாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் அந்தச் சின்ன அறை, இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டால் ஆனது. அதன் சுவரை ஊடுருவித் துளைப்பதும் இரும்புக் கதவில் கைவைப்பதும் சட்டப்படி கூடாது. ரவுட்டரை அதற்குள் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வைஃபை ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

ஃபைபர் முடியும் அந்த வெள்ளைப் பெட்டியையும் விட்டுவிடுங்கள். அது ஃபைபர் வலையமைப்பை வைத்திருக்கும் நெட்லிங்க் நிறுவனத்துடையது. உள்ளே வரும் கண்ணாடி இழை, மடித்தால் முறியும் சாதி. இடம் மாற்ற வேண்டுமென்றால் கட்டணம் கட்டி அவர்கள் மூலமாகத்தான் செய்ய வேண்டும்.

வீட்டுக்காரர் தமிழர் இல்லை, எல்லாமே ஏஜென்ட் மூலம்தான். அப்போது?

ஏஜென்ட்டுக்கு இதையே ஆங்கிலத்தில் அனுப்பி, அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லுங்கள். "ஓகே, நோ புராப்ளம்" என்று ஏஜென்ட் உடனே பதில் போட்டால், அது அவருடைய சொந்தக் கருத்தாக இருக்கலாம். வீட்டுக்காரரின் பதிலை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒப்பந்தம் கேட்பது வீட்டுக்காரரின் சம்மதத்தைத்தான்.

நான் ஒரு அறை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் குடும்பமும் இங்கேயேதான் இருக்கிறது.

அப்படியானால் முதலில் நேரில் பேசுங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கடிதம் எழுதினால் அந்த ஆன்ட்டிக்கு விசித்திரமாக இருக்கும். "ஆன்ட்டி, இந்த ஓரமாகக் கொண்டுபோகிறேன், கூட்டும்போது தடுக்காது" என்று கையால் காட்டிவிட்டு, அப்புறம் "காலையில் பேசினோமே, அந்தக் கேபிள்" என்று தொடங்கிச் சின்னதாக ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். இணைய இணைப்பு அவர்கள் பெயரில் இருப்பதால், ரவுட்டரில் செருகவும் அனுமதி வேண்டும். இரவு கேம் பதிவிறக்கம் ஓடும்போது அவர்கள் சீரியல் சுற்றிக்கொண்டே நிற்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த அறையில் வேறு வாடகைக்காரர் இருந்தால் அவர் கதவைத் தாண்டிப் போகும் கேபிளுக்கு அவரிடமும் ஒரு வார்த்தை.

இரண்டு நாளாகிறது, நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

மௌனம் சம்மதம் இல்லை, இந்த விஷயத்தில். வாடகை அனுப்பிய ரசீதோடு "அங்கிள், அந்தக் கேபிள் பற்றி நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். தண்ணீர் ஹீட்டர் புகாரோடு இதைச் சேர்த்து அனுப்பியிருந்தால், அவர் ஹீட்டருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இதை மறந்திருப்பார். தனியாக அனுப்புங்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எதற்காக வேண்டாம் என்று ஒருமுறை கேளுங்கள், வாதாட அல்ல. 'ஒட்ட வேண்டாம்' என்றால், விளையாடும்போது மட்டும் தரையில் விரித்து, முடிந்ததும் சுருட்டிவைக்கிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம். ஹாலே கூடாது என்றால் மின்கம்பி வழியாக இணையத்தைக் கடத்தும் ஹோம்பிளக் ஒரு ஜோடி வாங்கலாம். இரண்டையும் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் கட்டையில் போட்டால் திணறும். வீட்டு வயரிங்கைப் பொறுத்து நன்றாகவும் இருக்கும், மோசமாகவும் இருக்கும், எனவே திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள். மெஷ் வைஃபை பெட்டியை அறையில் வைத்து அதிலிருந்து கன்சோலுக்குச் சின்ன கேபிள் கொடுப்பது அடுத்த வழி. துள்ளல் குறையும், முழுதாகப் போகாது, ஏனென்றால் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வது காற்றில்தான்.

இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. இப்போதே கேட்கலாமா?

இதைவிட நல்ல நேரம் கிடையாது. லெட்டர் ஆஃப் இன்டென்ட்டில் மெத்தை, திரைச்சீலை கேட்கும் இடத்தில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

போட்டாயிற்று. ஆனால் வேகம் 100ஐத் தாண்டவே இல்லை.

90க்கு மேல், 95க்குப் பக்கத்தில் முட்டி நிற்கிறதா? அப்படியானால் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும்; இரண்டு ஜோடி மட்டும் வேலை செய்தால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பிஎஸ்5இல் `Settings > Network > Connection Status > Test Internet Connection` போய்ப் பாருங்கள். பிறகு கன்சோலை ரவுட்டர் பக்கத்தில் வைத்து வேறு கேபிளால் சோதியுங்கள். அங்கே வேகம் வந்தால், கதவு நசுக்கிய இடத்தைத் தேடுங்கள். தட்டைக் கேபிளில் அந்த இடம் கொஞ்சம் பளபளப்பாக, அழுந்தித் தெரியும். கேம் விளையாட 100 தாராளம், எனவே அவசரமில்லை. ஆனால் 80 ஜிபி கேம் இறக்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஒப்படைக்கும்போது கறை என்று சொல்லி டெபாசிட்டில் பிடித்தால்?

முன்னால் எடுத்த படம், அவருடைய 'சரி', கழற்றித் துடைத்தபின் அதே கோணத்தில் எடுத்த படம், மூன்றையும் அனுப்பி, பிடித்த தொகைக்குப் பெயிண்டரின் பில்லைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு இங்கேயே முடியும். முடியாவிட்டால், இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் வைக்கத் தேவையில்லை, இணையத்திலேயே பதியலாம். அந்த வாட்ஸ்அப் உரையாடலைப் போன் மாற்றும்போது அழித்துவிடாமல், டெபாசிட் கைக்கு வரும்வரை வைத்திருங்கள்.